51 – 49 என்றொரு படம்: பிழை வரம்பும் மாதிரி அளவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்துக்கணிப்பு முடிவு ஒன்று படமாகக் கைப்பேசியில் சுற்றத் தொடங்கினால், புள்ளியியல் சொல்லித்தருகிறேன் என்பதால் நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் வந்துவிடுவார்கள். படம்தான் மாறுமே தவிர சந்தேகங்கள் மாறுவதில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விளக்கத்துக்கு ஒரே ஒரு கணிப்பை எடுத்துக்கொள்கிறேன்.

அது 2014 செப்டம்பர் 7 அன்று வந்தது. ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்புக்கு அப்போது 11 நாட்கள் இருந்தன. லண்டனிலிருந்து வரும் சண்டே டைம்ஸ் ஞாயிறு இதழுக்காக யூகவ் நிறுவனம் 1,084 பேரிடம் கேட்டிருந்தது. முடிவு: ‘ஆம்’ 51, ‘இல்லை’ 49. அதுவரை ‘இல்லை’தான் முன்னால் இருந்தது என்பதால் இந்த இரண்டு எண்களும் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. மறுநாள் சந்தையில் பவுண்டின் மதிப்பும் இறங்கியது.

இந்த மாதிரி படத்துல கீழே சின்ன எழுத்துல “±3” போட்டிருப்பாங்களே, அது என்ன?

அதுதான் பிழை வரம்பு. 1,084 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே நாளில் வேறொரு 1,084 பேரை எடுத்திருந்தால் விடை 51 என்றே வந்திருக்காது. 50 வந்திருக்கலாம், 53 வந்திருக்கலாம். யார் யார் மாதிரியில் விழுந்தார்கள் என்ற தற்செயலால் மட்டும் விடை எவ்வளவு ஆடும் என்பதைத்தான் அந்த ±3 சொல்கிறது.

வழக்கமாக அது 95 சதவீத நம்பிக்கை மட்டத்தில் சொல்லப்படும். ஒரே முறையில் திரும்பத் திரும்பக் கணிப்பு எடுத்தால், 20 தடவையில் ஏறத்தாழ 19 தடவை உண்மையான அளவு இந்த வரம்புக்குள் இருக்கும். ஒரு தடவை வெளியே போய்விடும். இது ‘சதவீதப் புள்ளி’ கணக்கு என்பதையும் கவனியுங்கள். 51-க்கு ±3 என்றால் 48 முதல் 54 வரை. 51-இல் 3 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றரையைக் கூட்டிக் கழிப்பவர்கள் உண்டு, அது தவறு.

அந்த 3 எங்கேயிருந்து வருது? நானே கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

தாராளமாக. கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

```
E = 1.96 × √( p × (1 − p) / n )
```

p என்பது படத்தில் இருக்கும் விகிதம் (51 சதவீதம் என்றால் 0.51). n என்பது பதில் சொன்னவர்கள் எண்ணிக்கை. 1.96 என்பது 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கு உரிய எண். நம் படத்துக்கு 0.51 × 0.49 = 0.2499. அதை 1,084 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 1.96 ஆல் பெருக்கினால் 0.0298 வரும். அதாவது 3 புள்ளி.

p 0.5-க்குப் பக்கத்தில் இருந்தால் இன்னும் சுருக்கலாம்: 0.98-ஐ n-இன் வர்க்கமூலத்தால் வகுத்துவிடுங்கள். 30 முதல் 70 சதவீதம் வரை இந்தக் குறுக்குவழி பெரிதாக ஏமாற்றாது. ஆனால் 2 சதவீதம் வாங்கிய ஒரு சிறு கட்சிக்கு அதே ±3-ஐப் போட்டால் ‘மைனஸ் 1 சதவீதம்’ என்று அபத்தமாகப் போய் நிற்கும். அங்கே முழு சூத்திரத்தைப் போட வேண்டும். 1,084 பேரில் 2 சதவீதத்துக்கு ±0.8 தான் வரும்.

நாற்பது லட்சம் பேர் ஓட்டுப் போடுற இடத்துல ஆயிரம் பேரைக் கேட்டா போதுமா? நம்பவே முடியலையே.

மேலே உள்ள சூத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். அதில் மொத்த வாக்காளர் எண்ணிக்கைக்கு இடமே இல்லை. ஸ்காட்லாந்தின் 42 லட்சத்துச் சொச்ச வாக்காளர்களுக்கும் சரி, தமிழ்நாட்டின் பல கோடி வாக்காளர்களுக்கும் சரி, முறையாக எடுத்த 1,084 பேர் தருவது அதே ±3 தான். சோறு வெந்ததா என்று பார்க்க எத்தனை பருக்கை எடுக்கிறோம் என்பது பானையின் அளவைப் பொறுத்ததில்லை. அடியிலும் மேலேயும் ஒரே மாதிரி வெந்திருக்கிறதா, நாம் எங்கிருந்து எடுத்தோம் என்பதுதான் பேச்சு.

‘முறையாக எடுத்த’ என்ற சொற்களில்தான் முழுக் கனமும் இருக்கிறது. ஒவ்வொரு வாக்காளருக்கும் மாதிரியில் விழ ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடைசிக் கேள்விகளில் பார்க்கலாம்.

படத்துல ஆம், இல்லை ரெண்டுதான் இருக்கு. முடிவு பண்ணாதவங்க எங்கே போனாங்க?

நீக்கிவிட்டார்கள். அதே கணிப்பின் முழு அட்டவணையில் ‘ஆம்’ 47, ‘இல்லை’ 45. மீதி 8 சதவீதம் பேர் தெரியாது என்றவர்கள், வாக்களிக்க மாட்டோம் என்றவர்கள். இவர்களை விட்டுவிட்டு, மிச்சமிருந்த 92-ஐ 100 ஆக்கிக் கணக்கிட்டால் 51 – 49 வருகிறது. பொதுவாக்கெடுப்பில் எண்ணப்படுவது இரண்டே பதில்கள் என்பதால் இப்படிச் செய்வதில் தப்பில்லை.

ஆனால் அடித்தளம் சுருங்கிவிட்டது. 51 சதவீதம் என்பது 1,084 பேரில் அல்ல. அதில் 92 சதவீதமான ஏறத்தாழ 997 பேரில். பிழை வரம்பு 3.0-லிருந்து 3.1 ஆகிறது. இங்கே வித்தியாசம் சிறியதுதான். முடிவு செய்யாதவர்கள் 30 சதவீதம் இருக்கும் கணிப்பில் அப்படி இருக்காது. அதனால் படத்தைப் பார்த்ததும் நான் முதலில் தேடுவது, இந்தச் சதவீதம் எத்தனை பேரில் என்பதைத்தான்.

சரி, 51 – 49 ன்னா ‘ஆம்’ ரெண்டு புள்ளி முன்னால இருக்குன்னு சொல்லலாம்தானே? ரெண்டு மூணைவிடக் குறைவுதான், ஆனா ஒட்டித்தானே இருக்கு?

இல்லை, ஒட்டிக்கூட இல்லை. 3 புள்ளி என்பது ‘ஆம்’ என்ற ஒரு எண்ணின் பிழை வரம்பு. நீங்கள் பேசுவது இரண்டு எண்களுக்கு இடையிலான இடைவெளியை. இரண்டே பதில்கள் இருக்கும்போது ‘ஆம்’ ஒரு புள்ளி ஏறினால் ‘இல்லை’ ஒரு புள்ளி இறங்கியே ஆகும், இடைவெளி இரண்டு புள்ளி மாறும். எனவே முன்னிலையின் பிழை வரம்பு இரண்டு மடங்கு. முந்தைய பதிலில் வந்த 3.1-ஐ இரட்டித்தால் 6.2.

இப்போது முன்னிலையை எழுதிப் பாருங்கள்: 2 ± 6.2. ‘ஆம்’ 8 புள்ளி முன்னால் இருக்கலாம், 4 புள்ளி பின்னாலும் இருக்கலாம். அன்றைய கணிப்பு சொன்னது ‘போட்டி கடுமை’ என்பதை மட்டும்தான். யார் முன்னால் என்பதை அதை வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று நான்கு கட்சிகள் இருக்கும் படத்தில் இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் ஒருவர் இழப்பது முழுவதும் மற்றவருக்கே போவதில்லை. முழு அட்டவணையின் 47 – 45-க்கு அப்படிப் போட்டால் 5.7 வருகிறது. அவசரத்துக்கு இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போன கணிப்புல 47, இதுல 51. நாலு புள்ளி ஏறியிருக்கு, மூணைத் தாண்டிடுச்சே. அப்போ நிஜமான ஏற்றம்தானே?

இரண்டு கணிப்புகளை ஒப்பிடும்போது இரண்டின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். இவை வெவ்வேறு ஆட்களிடம் எடுத்தவை என்பதால் நேராகக் கூட்டக் கூடாது. இரண்டு பிழைகளையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 3.1 என்றால் 1.41 ஆல் பெருக்கினாலே போதும்: ஏறத்தாழ 4.4. நான்கு புள்ளி ஏற்றம் அதற்குள் அடங்கிவிடுகிறது. அந்த ஒரு ஏற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கதையில் இன்னும் இரண்டு படி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். 2014 ஆகஸ்ட் தொடக்கத்தில் யூகவ் கணிப்பில் ‘ஆம்’ 39. ஆகஸ்ட் நடுவில் 43. மாதக் கடைசியில் 47. அப்புறம் 51. ஒவ்வொரு படியும் நான்கு புள்ளி. தனித்தனியாக எடுத்தால் எதுவுமே 4.4-ஐத் தாண்டவில்லை. முதலையும் கடைசியையும் ஒப்பிட்டால் 12 புள்ளி; அது தற்செயலாக வரக்கூடிய அளவே இல்லை. ‘ஆம்’ ஒரு மாதத்தில் வளர்ந்தது உண்மை, அது முந்திவிட்டது என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஒரே படத்தைப் பார்த்தவருக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்காது.

அப்போ 51-ஐ 50-லேருந்து பிரிச்சுக் காட்டணும்னா எத்தனை பேரைக் கேட்கணும்?

சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் தேவையான மாதிரி அளவு கிடைக்கும்.

```
n = 1.96² × p × (1 − p) / E²
```

p தெரியாதபோது 0.5 என்று வைப்பது வழக்கம், ஏனென்றால் ஆட்டம் அதிகபட்சமாக இருப்பது அங்கேதான். E-க்கு 0.03 போட்டால் 1,068 பேர். 0.02 போட்டால் 2,401. 0.01 போட்டால் 9,604. எப்போதும் மேல்நோக்கித்தான் முழுமையாக்க வேண்டும். வரம்பைப் பாதியாக்க வேண்டுமென்றால் ஆட்கள் நான்கு மடங்கு. செலவும் ஏறக்குறைய அப்படித்தான் போகும். பெரும்பாலான கணிப்புகள் ஆயிரத்தை ஒட்டியே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இனி நுணுக்கமான இடத்துக்கு வருகிறேன். 9,604 பேரைக் கேட்டுவிட்டால் 51-ஐ நிச்சயம் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உண்மை சரியாக 51 என்றால், உங்கள் கணிப்பு பாதி வாய்ப்பில் 51-க்கு மேலே விழும், பாதி வாய்ப்பில் கீழே. கீழே விழுந்தால், 50.6 ± 1 என்று வைத்துக்கொள்வோம், வரம்பு 50-ஐத் தொட்டுவிடும். அதாவது நாணயத்தைச் சுண்டுவது போன்ற வாய்ப்பு. ஐந்துக்கு நான்கு தடவை கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 1.96-க்குப் பதிலாக 2.8 போட வேண்டும். ஏறத்தாழ 19,600 பேர் தேவைப்படுவார்கள். மாதிரி அளவைக் கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: வரம்பு மட்டும் போதுமா, வித்தியாசத்தைப் பிடித்தாக வேண்டுமா?

எங்க அடுக்குமாடிக் குடியிருப்புல மொத்தமே 800 வீடு. ±3 வேணும்னா 1,068 வீட்டைக் கேட்கணும்னு வருதே?

மொத்தம் சின்னதாக இருக்கும்போது ஒரு திருத்தம் உண்டு. வந்த எண்ணை, 1 + (n − 1)/மொத்தம் என்பதால் வகுக்க வேண்டும். 1,067-ஐ 800 ஆல் வகுத்தால் 1.334, அதோடு 1 சேர்த்தால் 2.334. 1,068-ஐ இதனால் வகுத்தால் 458 வீடு. மொத்தத்தில் ஐந்து சதவீதத்துக்கும் மேல் மாதிரியில் வரும்போதுதான் இந்தத் திருத்தம் தேவை. ஸ்காட்லாந்து அளவில் போட்டுப் பார்த்தால் எண் அசையாது.

அதே படத்துல “இளைஞர்கள் 60 சதவீதம் ஆதரவு”ன்னு ஒரு பட்டை இருந்தா, அதுக்கும் ±3 தானா?

இல்லை. அந்தப் பட்டைக்கு, அதில் பதில் சொன்ன இளைஞர்கள் எத்தனை பேரோ அதுதான் n. ஆயிரம் பேர் கணிப்பில் அந்த வயதினர் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். 0.98-ஐ 120-இன் வர்க்கமூலமான 10.95 ஆல் வகுத்தால் 9 புள்ளி. 60 என்பது 51-ஆகவும் இருக்கலாம், 69-ஆகவும் இருக்கலாம். மாவட்டவாரி, சாதிவாரி, வயதுவாரிப் பட்டைகள் ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே துள்ளிக் குதிப்பது பெரும்பாலும் இதனால்தான்.

எத்தனை பேரைக் கேட்டாங்கன்னே படத்துல இல்லையே?

±எண் இருந்தால் பின்னோக்கிப் போகலாம். 0.98-ஐ அந்த வரம்பால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள். ±4 என்றால் 0.98 ÷ 0.04 = 24.5, அதன் வர்க்கம் ஏறத்தாழ 600 பேர். இரண்டும் கொடுத்திருந்தால் பொருந்துகிறதா என்று சரிபார்க்கவும் இதே வழி உதவும். 400 பேர் என்று போட்டுவிட்டு ±2 என்று எழுதியிருந்தால் (வர வேண்டியது 4.9) அந்தப் படத்தைச் செய்தவருக்குக் கணக்குத் தெரியவில்லை, அல்லது நம்பிக்கை மட்டத்தைக் குறைத்துவிட்டுச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

இரண்டுமே இல்லையென்றால், எந்தக் கணக்கும் போட முடியாது. அந்தப் படத்தை நான் பகிர்வதில்லை.

ஆயிரம் பேருக்கே இவ்வளவு கணக்குன்னா, இணையத்துல லட்சம் பேர் ஓட்டுப் போட்ட வாக்கெடுப்பு இன்னும் துல்லியமா இருக்கணுமே?

1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேர் அளவுக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. நம் சூத்திரத்தில் போட்டால் பிழை வரம்பு 0.1 புள்ளிகூட வராது. அந்த இதழ் குடியரசுக் கட்சியின் லாண்டனுக்கு 57 சதவீதம் என்றது. தேர்தலில் ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 சதவீதம் வாங்கினார். லாண்டனுக்கு மெய்ன், வெர்மான்ட் என்ற இரண்டே மாநிலங்கள் கிடைத்தன. முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியல், கார்ப் பதிவு போன்றவற்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் இவை பெரும்பாலும் வசதியானவர்களிடம்தான் இருந்தன. போதாததற்கு, சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆத்திரம் இருந்தவர்கள் ஒரு பக்கம் அதிகம்.

தானாக வந்து பொத்தானை அழுத்துபவர்களின் வாக்கெடுப்பும் இதே வகை. அதற்கு ±எண் போடுவதில் பொருளே இல்லை. ஆட்களைக் கூட்டக் கூட்டத் தற்செயல் ஆட்டம் குறையும், சாய்வு அப்படியே இருக்கும்.

யூகவும் இணையத்துலதானே கேட்குது? “வெயிட் போட்டது”ன்னு எழுதியிருக்காங்களே, அது எதுக்கு?

ஆம், தன்னிடம் பதிவு செய்துகொண்ட குழுவிலிருந்துதான் கேட்கிறார்கள். கிடைத்தவர்களில் பெண்களோ, ஒரு வயதினரோ, கடந்த தேர்தலில் ஒரு கட்சிக்கு வாக்களித்தவர்களோ குறைவாக இருந்தால், அவர்களுடைய பதிலை ஒன்றுக்கு மேல் எண்ணி நாட்டின் விகிதத்துக்குக் கொண்டுவருவார்கள். அதுதான் எடையிடுதல். சாய்வைக் குறைக்க இது தேவை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சிலருடைய குரல் பெரிதாகும்போது ஆட்டமும் கூடும். எடைகளால் ஆட்டத்தின் வர்க்கம் ஒன்றரை மடங்கு பெருகியது என்று வைத்துக்கொண்டால், 1,084 பேர் வேலை செய்வது 723 பேரைப் போலத்தான், வரம்பு 3.6 ஆகிவிடும். படங்களில் பெரும்பாலும் எடையிடாத, எளிய கணக்கே இருக்கும். அதனால் அச்சிட்ட ±எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வது நல்லது.

கடைசியில ‘ஆம்’ 44.7 தானே வாங்கியது? 48 முதல் 54 வரைக்கும் வெளியே போயிடுச்சே. அப்போ கணக்கு பொய்யா?

செப்டம்பர் 18 முடிவு ‘இல்லை’ 55.3, ‘ஆம்’ 44.7. படத்திலிருந்த 51-க்கு இது 6.3 புள்ளி கீழே. முதல் காரணம் நாட்கள். பிழை வரம்பு, கேட்ட நாட்களின் கருத்தைப் பற்றியது. 11 நாள் கழித்து வருவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இடையில் மூன்று பிரிட்டிஷ் கட்சித் தலைவர்களும் ஸ்காட்லாந்துக்குக் கூடுதல் அதிகாரம் தருவதாகக் கூட்டாக உறுதியளித்தார்கள். அதே யூகவின் அடுத்த கணிப்பிலேயே ‘ஆம்’ 48 ஆகிவிட்டது.

ஆனால் நாட்களை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. யூகவ், ஐசிஎம், சர்வேஷன், இப்சாஸ் மோரி, பேனல்பேஸ் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வாக்குப்பதிவுக்கு முன் கடைசியாக வெளியிட்ட கணிப்பில் ‘ஆம்’ 47 அல்லது 48. தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் தவறு பெரும்பாலும் பிழை வரம்புக்குள்ளோ அதன் ஓரத்திலோதான் நிற்கிறது. சேர்த்து வைத்துப் பாருங்கள். வெறும் தற்செயல் என்றால் சில 44.7-க்குக் கீழேயும் விழுந்திருக்க வேண்டும், 43 என்றோ 44 என்றோ. எல்லாமே ஒரே பக்கம். இப்படி எல்லாக் கணிப்புகளும் ஒரே திசையில் தவறினால் அது பொதுவான சாய்வின் அடையாளம்: ஒரு தரப்பினர் பதில் சொல்வதில் ஆர்வமாக இருந்திருக்கலாம், அல்லது இன்னொரு தரப்பில் வாய்விட்டுச் சொல்லாதவர்களும் கடைசி நாளில் மனம் மாறியவர்களும் அதிகம் இருந்திருக்கலாம். ±3 என்ற எண் இவற்றில் எதையும் அளக்கவில்லை.